மாத்திரையின் நடுக்கோடு: எப்போது உடைக்கலாம், எப்போது கூடாது

கேள்வி: அம்மாவுக்கு மெட்டோப்ரோலால் சக்சினேட் 50 மாத்திரையில் தினமும் பாதி போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாத்திரை நடுவில் கோடு இருக்கிறது. ஆனால் அட்டையில் ஈ.ஆர். என்று போட்டிருக்கிறது. அந்த வகை மாத்திரையை உடைக்கவே கூடாது என்கிறார்கள். கோடு போட்டிருந்தால் உடைக்கலாம் என்றுதானே அர்த்தம்?

பதில்:

உங்கள் அம்மாவின் மாத்திரையைப் பெரும்பாலும் உடைக்கலாம். ஆனால் அதைக் கோட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஈ.ஆர். என்ற எழுத்தை மட்டும் பார்த்தும் முடிவு செய்யக் கூடாது. முடிவு செய்வது மாத்திரையோடு வரும் விவரத்தாளில் உள்ள ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும்.

ஒன்று, "இந்த மாத்திரையைச் சமமான இரண்டு அளவுகளாகப் பிரிக்கலாம்" என்பது. இப்படி இருந்தால் கோடு நிஜமான கோடு. பாதி மாத்திரை என்றால் பாதி மருந்து என்று தயாரிப்பாளர் சோதித்துக் காட்டியிருக்கிறார்.

இரண்டாவது, "விழுங்குவதற்கு எளிதாக உடைத்துக்கொள்ள மட்டுமே இந்தக் கோடு, சம அளவாகப் பிரிக்க அல்ல" என்பது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பெரிய மாத்திரை தொண்டையில் சிக்குகிறவர்கள் இரண்டாக உடைத்து, இரண்டு துண்டுகளையும் அதே வேளையில் அடுத்தடுத்து விழுங்கிவிடலாம். ஒரு துண்டு பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் உடைந்தாலும் பரவாயில்லை, மொத்தத்தில் முழு அளவும் உள்ளே போய்விடுகிறது. ஆனால் ஒரு துண்டை இன்றைக்கும் இன்னொன்றை நாளைக்கும் என்று வைத்துக்கொள்ள அந்தக் கோடு உத்தரவாதம் தருவதில்லை.

மூன்றாவது, "இந்தக் கோடு உடைப்பதற்காக அல்ல" என்பது. அடையாளத்துக்காகவோ, இரண்டு எழுத்துகளைப் பிரித்துக் காட்டவோ அச்சில் வந்த கோடு அது. பார்வைக்கு முதல் வகைக் கோட்டைப் போலவே இருக்கும். கோட்டின் ஆழத்தை வைத்து எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாது.

விவரத்தாளில் இந்த மூன்றில் எதுவும் இல்லாவிட்டால், கோடு இருந்தாலும் அதை உடைக்க அனுமதி என்று எடுத்துக்கொள்ளாமல் மருந்தாளுநரிடம் கேளுங்கள். கேட்கும்போது மருந்தின் பெயரோடு நிறுத்தாமல் அட்டையையே காட்டுங்கள். ஒரே மருந்தை ஒரே அளவில் இரண்டு நிறுவனங்கள் செய்யலாம். ஒன்று உடைக்கத் தகுந்தபடி செய்யப்பட்டிருக்கும், மற்றது அப்படி இருக்காது. போன மாதம் உடைத்துப் போட்ட மாத்திரைக்குப் பதில் இந்த மாதம் வேறு நிறுவனத்தின் மாத்திரை வந்திருந்தால், பழைய பதிலை அப்படியே பயன்படுத்தக் கூடாது.

சோதித்துக் காட்டுவது என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொண்டால், கோட்டை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெரியும். மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் ஐரோப்பிய மருந்தியல் நூலின் முறை இது: 30 மாத்திரைகளைக் கையால் உடைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாதியை எடுத்து, அந்த 30 பாதிகளையும் தனித்தனியே எடை போடுகிறார்கள். சராசரி எடையில் 85 முதல் 115 சதவீதத்துக்கு வெளியே ஒரே ஒரு பாதி இருக்கலாம். இரண்டு இருந்தாலோ, எந்த ஒரு பாதியாவது 75 முதல் 125 சதவீதத்துக்கு வெளியே போனாலோ மாத்திரை தேறாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடைக்கும்போது பொடியாக உதிர்ந்து போவது 3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. உடைந்த பாதிகள் 90 நாட்கள் கெடாமல் இருப்பதையும் காட்டச் சொல்கிறது.

ஆக, நல்ல கோடுள்ள மாத்திரையிலும் பாதி என்பது துல்லியமான பாதி இல்லை. 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டுதான் அதை உடைக்க விடுகிறார்கள். எந்த மருந்தில் இந்த வேறுபாடு தாங்கும், எதில் தாங்காது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் ஈ.ஆர். விஷயம்.

மெதுவாக மருந்தை விடும் மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி செய்யப்பட்டவை அல்ல. அட்டையில் ஈ.ஆர்., எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர். என்று எது எழுதியிருந்தாலும், மருந்து மெதுவாக வரும் என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. எப்படி மெதுவாக வருகிறது என்பதைச் சொல்வதில்லை. உடைக்கலாமா என்பது அந்த 'எப்படி'யில்தான் இருக்கிறது.

ஒரு வகையில் மருந்து, தண்ணீர் பட்டால் கூழாகும் பொருளோடு கலந்து ஒரே கட்டியாக அழுத்தப்பட்டிருக்கும். வயிற்றுக்குள் போனதும் வெளிப்புறம் ஊறி வழவழப்பான கூழ் அடுக்கு உருவாகும். அதற்குள் இருந்து மருந்து மெல்ல மெல்லக் கசியும். மெதுவாக விடும் மெட்ஃபார்மின் மாத்திரைகள் பல இப்படித்தான். இதை உடைத்தால் புதிதாக ஒரு முகம் திறக்கிறது, தண்ணீர் படும் பரப்பு கூடுகிறது, மருந்து வேகமாக வெளியேறுகிறது. நாள் முழுக்க வர வேண்டியது முதல் சில மணி நேரத்திலேயே கூடுதலாக வந்துவிட்டு, மீதி நேரத்துக்குப் போதாமல் போகலாம்.

இன்னொரு வகை இன்னும் கறாரானது. மாத்திரையைச் சுற்றி ஒரு சவ்வு. அதில் லேசர் கொண்டு போட்ட மிகச் சிறிய ஓட்டை. உள்ளே தண்ணீர் ஊடுருவி அழுத்தம் ஏற ஏற, அந்த ஓட்டை வழியாக மருந்து ஒரே சீராகத் தள்ளப்படும். நிஃபெடிபின், கிளிபிசைடு ஆகியவற்றின் நீண்ட நேர மாத்திரைகளில் சில இந்த வகை. சவ்வு உடைந்தால் கட்டுப்பாடே போய்விடும். 24 மணி நேரத்துக்கான நிஃபெடிபின் மொத்தமாக இறங்கினால் ரத்த அழுத்தம் திடீரென்று சரியும். கிளிபிசைடு என்றால் ரத்தச் சர்க்கரை சரியும். இந்த வகையைப் பாதியாக்கவே கூடாது.

மூன்றாவது வகையில்தான் உங்கள் அம்மாவின் மருந்து வரக்கூடும். மெட்டோப்ரோலால் சக்சினேட்டில் முதன்முதலில் வந்த நிறுவனத்தின் மாத்திரை, கடுகை விடச் சிறிய நூற்றுக்கணக்கான உருண்டைகளைச் சேர்த்து அழுத்திச் செய்யப்பட்டது. ஒவ்வோர் உருண்டைக்கும் தனித்தனியே மேல்பூச்சு உண்டு. மருந்தை மெதுவாக விடும் வேலையை மாத்திரை செய்வதில்லை, அந்த உருண்டைகள் செய்கின்றன. மாத்திரையை இரண்டாக்கும்போது பெரும்பாலான உருண்டைகள் முழுதாகவே ஏதோ ஒரு பக்கம் போய்ச் சேரும்; உடையும் விளிம்பில் உள்ள சிலதான் சேதமாகும். பாதி மாத்திரையில் பாதி உருண்டைகள், வேகம் அதேதான். அதனால்தான் இதன் விவரத்தாள் இரண்டாகப் பிரிக்கலாம் என்று சொல்லிவிட்டு, முழு மாத்திரையானாலும் பாதியானாலும் அப்படியே விழுங்க வேண்டும், மெல்லவோ பொடியாக்கவோ கூடாது என்று சேர்த்துச் சொல்கிறது. மென்றால் உருண்டைகளின் பூச்சு உடைந்து, ஒரு நாள் மருந்து சில மணி நேரத்தில் இறங்கும். நாடித்துடிப்பு குறையும், தலை சுற்றும், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. வேறு நிறுவனம் இதே மருந்தை உருண்டையாக இல்லாமல் கூழ்க்கட்டி முறையில் செய்திருக்கலாம். அதற்கும் கோடு போட்டிருக்கலாம். கையில் இருக்கும் அட்டையின் விவரத்தாளைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். உங்கள் டாக்டர் சொன்ன 25 மில்லிகிராம் தனி மாத்திரையாகவே கிடைக்கிறது. உடைக்கத் தகுந்ததா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது எல்லாவற்றையும் விட எளிது. அப்படி வாங்கினால், "பாதி" என்று எழுதிய பழைய சீட்டை அந்த டப்பாவோடு வைக்காதீர்கள். 25ஐயும் பாதியாக்கி 12.5 போட்டுவிடும் குழப்பம் நேரும்.

மெதுவாக விடும் மாத்திரைகளுக்கு அடுத்தபடி உடைக்கக் கூடாதவை, குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்டவை. இவற்றில் பூச்சு இரண்டில் ஒரு வேலையைச் செய்கிறது. பாண்டோப்ரசோல் போன்ற மருந்தை வயிற்று அமிலம் சிதைத்துவிடும், ஆகவே பூச்சு மருந்தைக் காப்பாற்றுகிறது. உடைத்துப் போட்டால் பெரும்பகுதி வீணாகும். டைக்ளோஃபெனாக், பைசகோடில் போன்றவற்றில் பூச்சு வயிற்றைக் காப்பாற்றுகிறது. உடைத்தால் எரிச்சல், வலி. சாதாரண மெல்லிய பூச்சு வேறு. அது கசப்பை மறைக்கவும் விழுங்க வழுக்கவும் போடுவது, அதை உடைப்பதில் பெரும்பாலும் நாக்குக்குத்தான் கஷ்டம். பூச்சு எந்த வகை என்பது கண்ணுக்குத் தெரியாது, இங்கேயும் விவரத்தாள்தான் வழி.

உடைப்பவரின் கைக்கும் ஆபத்து உண்டு. மெத்தோட்ரெக்ஸேட், புற்றுநோய் மாத்திரைகள் போன்றவற்றின் பொடி தோலிலும் மூச்சிலும் போகக் கூடாது. உடைந்த ஃபினாஸ்டெரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகளோ கர்ப்பமாக இருக்கக்கூடியவர்களோ தொடக் கூடாது. வயிற்றில் உள்ள ஆண் குழந்தையின் வளர்ச்சியை அது பாதிக்கும். இந்த மருந்துகளில் அளவை மாற்ற வேண்டுமென்றால் டாக்டர் வேறு அளவு மாத்திரை எழுதித்தர வேண்டும். வீட்டில் உடைக்கும் வேலை வேண்டாம்.

இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையில் இன்னொரு சிக்கல். பாதியாக்கினால் இரண்டு மருந்தும் சேர்ந்து பாதியாகும். டாக்டர் குறைக்க நினைத்தது ஒன்றை மட்டுமாக இருக்கலாம். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரைகள் பலவற்றில் ஓர் அடுக்கு உடனே கரையும், மற்ற அடுக்கு மெதுவாக விடும். சர்க்கரை குறைந்து போகிறதே என்று நீங்களாகவே அதைப் பாதியாக்குவது ஆபத்து.

இனி அந்த 15 சதவீதத்துக்கு வருகிறேன். ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம் மருந்து இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உடைத்தபோது ஒரு பாதி கொஞ்சம் பெரிதாகி அதில் 5.6ம், மற்றதில் 4.4ம் போனது. முதல் நாள் பெரிய துண்டு, மறுநாள் சின்னத் துண்டு என்று போட்டால் இரண்டு நாளில் மொத்தம் 10. சேர வேண்டியது சேர்ந்துவிட்டது. உடலில் வெகுநேரம் தங்கும் மருந்தானால் இந்த ஏற்ற இறக்கம் ரத்தத்தில் கரைந்து சமமாகிவிடும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினில் பாதி வெளியேற 30 முதல் 50 மணி நேரம் ஆகிறது; தைராய்டுக்கான லெவோதைராக்ஸினில் ஏறக்குறைய ஒரு வாரம். நாளுக்கு நாள் சற்று ஏறி இறங்குவதை இவை தாங்கும். ஆனால் இது ஒரே ஒரு நிபந்தனையில்தான் பலிக்கும்: உடைத்த மாத்திரையின் மறுபாதியையே அடுத்த வேளைக்குப் போட வேண்டும். ஒரு மாத்திரையை உடைத்து ஒரு பாதியைப் போட்டுவிட்டு, மறுபாதியை டப்பாவில் போட்டுவைத்து, நாளைக்குப் புதிதாக இன்னொன்றை உடைத்தால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். கண்ணில் படும் பெரிய துண்டையே கை எடுக்கும். கடைசியில் சின்னத் துண்டுகளாக மிஞ்சும்.

பார்கின்சன் நோய்க்கான லெவோடோபா மாதிரி சில மணி நேரமே வேலை செய்யும் மருந்தில் இந்தச் சமன் நடக்காது. ஒவ்வொரு வேளையும் அந்தந்த வேளைக்கே உணரப்படும். சின்னத் துண்டு போட்ட மதியம் கை கால் இறுக்கம் முன்னதாகவே வரும். அளவில் சிறிது மாறினாலே தீங்கு செய்யும் மருந்துகளும் உண்டு: வார்ஃபரின், டிகாக்சின், ஃபெனிடாயின், லித்தியம், டாக்ரோலிமஸ். இவற்றில் வார்ஃபரினைப் பாதியாகப் போடச் சொல்வது சகஜம், அதன் மாத்திரைகளில் கோடும் இருக்கும். ஆனால் அங்கே ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து அளவைச் சரிசெய்கிறார்கள். அந்தக் கண்காணிப்பு இல்லாமல் இந்தப் பட்டியலில் எதையும் நீங்களாக உடைக்க வேண்டாம். பாதியைக் கால் ஆக்குவது இன்னும் மோசம். கால் கால் ஆகப் பிரிக்க குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட மாத்திரை இருந்து, விவரத்தாளும் அப்படியே சொன்னால் ஒழிய, கோடில்லாத பாதியை இன்னொரு முறை உடைத்தால் கிடைப்பது ஏறுக்கு மாறான துண்டுகளும் பொடியும்தான்.

உடைக்கும் முறையில் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. கோடு என்பது மாத்திரையின் மெலிந்த இடம். அந்தப் பள்ளம் திறந்துகொள்ளும் பக்கமாக வளைத்தால் விரிசல் பள்ளத்தின் அடியில் தொடங்கி நேராக இறங்கும். எதிர்ப்பக்கமாக வளைத்தால் விரிசல் எங்கோ தொடங்கிக் கோணலாக ஓடும். ஆகவே கைகளைக் கழுவி நன்றாகத் துடைத்து உலர வைத்துக்கொள்ளுங்கள். கோடு மேலே இருக்கும்படி, இரண்டு கை கட்டைவிரல்களும் ஆள்காட்டி விரல்களும் கோட்டின் இரு பக்கமும் பிடித்திருக்க, இரண்டு முனைகளையும் கீழ்நோக்கி, அதாவது கோட்டின் பள்ளம் திறந்துகொள்ளும்படி, ஒரே அழுத்தில் வளையுங்கள். அடிப்பக்கம் வளைவாக இருக்கும் மாத்திரையானால் கடினமான மேசையில் கோடு மேலே பார்க்க வைத்து, இரு ஓரங்களையும் விரலால் ஒரே நேரத்தில் அழுத்தினாலே போதும். அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் மேசையில் வைத்து அழுத்திப் பயனில்லை, கையில் பிடித்தே உடைக்க வேண்டும்.

கைக்கு வலு இல்லாதவர்களுக்கு மாத்திரை வெட்டும் சிறு டப்பா உதவும். கோடு கத்திக்கு நேர்கீழே வரும்படி மாத்திரையைப் பள்ளத்தின் மூலையில் நெருக்கி வைத்து, மூடியை ஒரே வேகத்தில் அழுத்த வேண்டும். மெல்ல மெல்ல அழுத்தினால் நசுங்கி உதிரும். கத்தி மழுங்கிவிட்டால் விளிம்புகள் நொறுங்கத் தொடங்கும். அப்போது வேறு வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு மருந்துக்குப் பிறகும் பொடியைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒருவரின் மருந்து இன்னொருவரின் துண்டில் ஒட்டும். பிளேடு கூர்மையானது என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. சமையலறைக் கத்தியில் வெட்ட வேண்டாம். வழுக்கி ஒரு துண்டு தெறிக்கும், விரலும் வெட்டும்.

உடைந்ததும் ஒரு பார்வை பாருங்கள். கண்ணுக்கே ஒன்று மற்றதை விடத் தெளிவாகப் பெரிதாகத் தெரிந்தாலோ, மூன்றாக உடைந்தாலோ, மேசையில் தட்டிவிட வேண்டிய அளவுக்குப் பொடி கிடந்தாலோ, அந்தத் துண்டைப் போட வேண்டாம். இரண்டு மூன்று முறை இப்படியே உடைந்தால் அது கையின் குறை இல்லை, அந்த மாத்திரை உடைக்க ஏற்றது இல்லை. கண் மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள், நினைவு தடுமாறுகிறவர்கள் இந்த வேலையைத் தாங்களே செய்யாமல் இருப்பது நல்லது. அம்மாவுக்கு நீங்கள் ஒவ்வொரு நாளும் உடைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு.

ஒரு மாதத்துக்கானதை ஒரே நாளில் உடைத்து வைக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாத்திரை மட்டும். மறுபாதியைச் சிறிய உலர்ந்த டப்பாவில் இறுக மூடி, வெளிச்சமும் ஈரமும் படாமல் வையுங்கள். குளியலறை அலமாரி அதற்கு இடமில்லை. சில மருந்துகள் ஈரத்தைச் சட்டென்று இழுக்கும். டெல்மிசார்டான் அப்படிப்பட்டது, அதனால் அதை அட்டையை விட்டு எடுத்ததும் போட்டுவிட வேண்டும். மறுபாதியை வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை. துண்டு மென்மையாகிவிட்டால், நிறம் மாறினால், புள்ளி விழுந்தால் தூக்கிப் போடுங்கள். ஆஸ்பிரின் துண்டில் வினிகர் வாசனை வந்தால், அது சிதைந்து அசிட்டிக் அமிலம் ஆகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

டப்பாவில் எழுதும்போது "½" என்ற குறியைத் தவிர்த்து, "மெட்டோப்ரோலால் சக்சினேட் 50 மாத்திரையில் பாதி, அதாவது 25 மில்லிகிராம், நாளைக்கு ஒரு முறை" என்று எழுத்தால் எழுதுங்கள். அவசரத்தில் ½ஐ 1 முதல் 2 என்று படித்துவிடுகிறார்கள். மில்லிகிராமும் சேர்ந்திருந்தால், வேறு அளவு மாத்திரை வரும் நாளில் கணக்கு உடனே உறுத்தும்.

உடைக்கக் கூடாததை ஏற்கெனவே உடைத்துப் போட்டுவிட்டால், அடுத்த வேளையைப் போடும் முன் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ அட்டையைக் காட்டிக் கேளுங்கள். அன்றைக்குக் குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு பாதியைச் சேர்த்துப் போடாதீர்கள். மெதுவாக விடும் மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற வலி மருந்துகளை உடைத்தோ மென்றோ போட்டிருந்தால் கேட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள், மூச்சே நின்றுபோகலாம். ரத்த அழுத்த மருந்து, சர்க்கரை மருந்து ஆகியவற்றில் மயக்கம், அதிக வியர்வை, குழப்பம், நாடி மிக மெதுவாகத் துடிப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அதே அவசரம்தான். போகும்போது மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.